வேகமான ஷாட்டுகளுக்கு மூச்சு வாங்காமல் வாய்ஸ் ஓவர் எழுதுவது

கேள்வி: பத்தமடைப் பாய்க்கு 30 விநாடி விளம்பரம் செய்கிறோம். முதல் 15 விநாடியில் மட்டும் 12 ஷாட். ஷாட்டுக்குத் தகுந்த மாதிரிதான் எழுதினேன், மொத்தமே 28 சொல்தான். ஆனாலும் குரல் கொடுப்பவருக்கு மூச்சு வாங்குகிறது, கேட்டால் ஏதோ துரத்துகிற மாதிரி இருக்கிறது. எடிட்டர் படத்தை மாற்ற மாட்டேன் என்கிறார். வரியை எப்படி எழுத வேண்டும்? நான் எழுதியது இது:

"தாமிரபரணி ஆற்றங்கரையில் வளர்ந்திருக்கும் கோரைப்புல்லை அறுத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பல நாட்கள் ஆற்று நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, வண்ணச் சாயங்களில் தோய்த்து, பருத்தி நூலில் பாவு கட்டி, கைகளாலேயே நெருக்கி நெய்து உருவாக்கப்படுகின்றன பத்தமடைப் பாய்கள்."

பதில்:

எடிட்டர் சொல்வது சரி. படத்தில் கை வைக்க வேண்டாம், வரியை மாற்றினால் போதும். உங்கள் வரியில் இரண்டு கோளாறு இருக்கிறது. அளவு தப்பு, வாக்கிய அமைப்பும் தப்பு. அளவை முதலில் பார்ப்போம், ஏனென்றால் "28 சொல்தான்" என்ற எண்ணம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

விநாடிக்கு இரண்டரைச் சொல் என்று ஒரு கணக்கு விளம்பரத் துறையில் புழங்குகிறது. அது ஆங்கிலத்துக்கு வந்த கணக்கு. அதன்படி 15 விநாடிக்கு 37 சொல் வரை போகலாம், நீங்கள் 28-இலேயே நிறுத்திவிட்டீர்கள், அப்படியானால் தாராளமாக இடம் இருக்க வேண்டும். ஆனால் தமிழில் ஒரு சொல் என்பது எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது. "பல" என்பதும் ஒரு சொல், "உருவாக்கப்படுகின்றன" என்பதும் ஒரு சொல். முதலாவதைச் சொல்லக் கால் விநாடியும் கொஞ்சமும் போதும். இரண்டாவது கிட்டத்தட்ட இரண்டு விநாடியைத் தின்றுவிடும்.

அதனால் தமிழில் எழுத்தைத்தான் எண்ண வேண்டும், அதிலும் புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு. உயிரும் உயிர்மெய்யும் ஆளுக்கு ஒன்று, மெய்யெழுத்து கணக்கில் இல்லை. "கோரைப்புல்லை" என்றால் கோ, ரை, பு, லை என நான்கு. "உருவாக்கப்படுகின்றன" என்றால் உ, ரு, வா, க, ப, டு, கி, ற, ன என ஒன்பது. வாயில் எத்தனை தடவை அசைகிறதோ அத்தனை எண்ணிக்கை வரும். நம் எழுத்துமுறையின் வசதி இது. காகிதத்தில் பென்சிலால் புள்ளி எழுத்துகளை அடித்துவிட்டு மீதியை எண்ணினால் வேலை முடிந்தது.

உங்கள் வரியை இப்படி எண்ணினால் 93 வருகிறது.

இனி வேகம். பதறாமல், அக்கறையோடு பேசும் விளம்பரக் குரல் விநாடிக்கு ஏறக்குறைய 5 எழுத்து போகும். 6 என்றால் சுறுசுறுப்பு, காது தாங்கும். 7-ஐத் தொட்டால் என்ன திறமைசாலி படித்தாலும் ஓட்டமாகத்தான் கேட்கும். இது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உங்கள் குரல்காரரை ஒருமுறை அளந்துவிடுங்கள். 200 எழுத்து வருகிற ஒரு பத்தியைக் கொடுத்து, எதிரில் இருப்பவருக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகப் படிக்கச் சொல்லி நேரம் பாருங்கள். மூச்சு எடுக்கிற இடைவெளிகளைக் கழித்துவிட்டு வகுத்தால் அவருடைய எண் கிடைக்கும். கீழே எல்லாம் 5 என்றே வைத்துக்கொள்கிறேன்.

93 எழுத்து, விநாடிக்கு 5 என்றால் 18.6 விநாடி. மூச்சுக்கு மூன்று இடத்தில் 0.4 விநாடி கொடுத்தால் கிட்டத்தட்ட 20. உங்களிடம் இருப்பது 15. அதற்குள் அடக்க வேண்டுமானால், மூச்சு நேரம் போக 13.8 விநாடியில் 93 எழுத்து, அதாவது விநாடிக்கு 6.7. குரல்காரர்மேல் தப்பில்லை. ஸ்கிரிப்டே அவரை ஓடச் சொல்கிறது.

எழுத்து எண்ணுவதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "மழை வருது" ஐந்து எழுத்து. "பாய் காய்ந்தாச்சு" நாலே எழுத்து. ஆனால் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதுதான் நீளம். நெடிலும் இடையில் நிற்கிற மெய்யும் நேரம் எடுக்கின்றன. இலக்கணத்தில் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை மாத்திரை என்று படித்தோமே, அதே விஷயம்தான். அந்தக் கணக்கில் இரண்டாவது 9 மாத்திரை, முதலாவது 6-ஐத் தாண்டாது. எல்லா வரியையும் மாத்திரை போட்டுப் பார்க்கத் தேவையில்லை. இடம் இறுக்கமான ஒன்றிரண்டு வரிக்கு மட்டும் பாருங்கள். நெடிலும் ட்ட, ற்ற, ந்த போன்றவையும் நெருக்கமாக வந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வரி பிதுங்கும்.

இப்போது வாக்கிய அமைப்பு. கேள்வியில் ஷாட்டுகளின் நேரம் இல்லை. 12 ஷாட்டில் இந்த மாதிரி வரிசை வழக்கமாக இப்படித்தான் வெட்டப்படும் என்று ஒரு பட்டியல் போடுகிறேன். உங்கள் டைம்லைனில் எண்கள் கொஞ்சம் மாறலாம், வேலை செய்யும் முறை மாறாது. இடது பக்க எண், ஷாட் தொடங்கும் விநாடி.

0.0 – ஆற்றங்கரையில் கோரை காற்றில் ஆடுகிறது
2.0 – அரிவாள் அறுக்கிறது
3.0 – கத்தி கோரையைக் கீறுகிறது
4.0 – கோரைக் கட்டு தண்ணீரில் மூழ்குகிறது
5.2 – வெயிலில் விரித்த கோரை
6.0 – சாயப் பானை, சிவப்பு
7.2 – சாயம் சொட்டும் கட்டு
8.0 – பாவு நூல், நெருக்கத்தில்
9.0 – விரல்கள் கோரையைச் செருகுகின்றன
9.8 – தறியின் அச்சு தட்டுகிறது
10.5 – மறுபடி அச்சு, வேறு கோணத்தில்
11.2 – பாய் விரிகிறது, 15.0 வரை

இதன்மேல் உங்கள் வரியை நிதான வேகத்தில் வைத்துப் பாருங்கள். "அறுத்து" என்ற சொல்லுக்கு முன்னால் 20 எழுத்து இருக்கிறது. அந்தச் சொல் வாயில் வருவதற்குள் 4 விநாடி ஆகிவிடும். அரிவாள் ஷாட் 3.0-வில் முடிந்தாயிற்று. திரையில் கோரை தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. "ஊறவைத்து" வரும்போது 8.2 விநாடி, அப்போது திரையில் பாவு நூல். குரல் படத்துக்குப் பின்னால் ஓடி வருகிறது, ஓட ஓட இடைவெளி கூடுகிறது. குரல்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே படித்தால் இதை உணர்ந்து தானாக வேகம் கூட்டுவார். கேட்பவருக்குத் துரத்துகிற மாதிரி தோன்றுவது இதனால்தான்.

நீங்கள் செய்தது, ஷாட்டுக்கு ஒரு வினையெச்சம் என்று கோத்தது. அறுத்து, கீறி, ஊறவைத்து, உலர்த்தி, தோய்த்து, கட்டி, நெருக்கி, நெய்து. எட்டு எச்சம், கடைசியில் ஒரே ஒரு முற்று. தமிழில் வினையெச்சம் வந்தால் குரல் கீழே இறங்காது, "இன்னும் இருக்கிறது" என்று மேலேயே நிற்கும். இரண்டு மூன்று எச்சம் வரை அது இழுத்துச் செல்கிற சுகமான ஓட்டம். நான்காவதிலிருந்து ஒரே ராகம் திரும்பத் திரும்ப வரும், பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர்களை ஒப்பிக்கிற மாதிரி. குரல் ஓர் இடத்திலும் தரை தொடாததால் மூச்சு எடுக்க நியாயமான இடமும் கிடைக்காது. "ஊறவைத்து" என்று மேலே நிறுத்தி மூச்சு இழுத்தால் திணறுகிற மாதிரிதான் கேட்கும். சரி, மூச்சுச் சத்தத்தை எடிட்டில் வெட்டிவிடலாம் என்று சிலர் வெட்டுகிறார்கள். அப்போது நிலைமை இன்னும் மோசம். மூச்சே எடுக்காத ஆளைக் கேட்கும்போது கேட்பவர் தன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே குரலை ஷாட்டோடு கட்டாமல், ஷாட்டுகளின் கொத்தோடு கட்டுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு படத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்கு எந்த இடத்தில் "இது வேறு சங்கதி" என்று படுகிறதோ அங்கே மட்டும் டைம்லைனில் மார்க்கர் வையுங்கள். Premiere Pro-விலும் DaVinci Resolve-இலும் M விசையை அழுத்தினால் போதும். மேலே உள்ள பட்டியலில் 12 ஷாட் இருந்தாலும் கொத்து நாலுதான்: புல் (0 முதல் 4 வரை), நீரும் நிறமும் (4 முதல் 8), தறி (8 முதல் 11.2), பாய் (11.2 முதல் 15). கண் 12 தடவை தாவினாலும் மனது நாலு தடவைதான் இடம் மாறுகிறது. குரல் அந்த நாலோடு போனால் போதும். படம் ஓடும், குரல் நடக்கும், இரண்டுக்கும் சண்டை வராது.

கொத்துக்கு எத்தனை எழுத்து என்பதற்கு நான் சொல்லும் வரம்பு இது: மொத்த நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பேச்சு வேண்டாம். 15 விநாடியில் அது 10.5 விநாடி, 52 எழுத்து. மீதி 30 சதவீதம் மூச்சுக்கும், இசைக்கும், அரிவாள் சத்தத்துக்கும். 93-ஐ 52-க்குள் கொண்டுவர வேண்டுமானால் அங்கங்கே ஒரு சொல்லைக் குறைத்துச் சரிக்கட்ட முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். எதை விடுவது என்பது சுலபம். படம் காட்டுகிற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அறுப்பது தெரிகிறது, கீறுவது தெரிகிறது, காய்வது தெரிகிறது. படத்தில் தெரியாதது மூன்றுதான்: எந்த ஊர் ஆறு, எவ்வளவு காலம், கடைசியில் அதன் பெயர்.

இனி எழுதுவோம்.

முதல் கொத்து, 4 விநாடி. "தாமிரபரணிக் கரையில ஒரு புல்." 13 எழுத்து, 2.6 விநாடி. முற்று வினை கிடையாது. தமிழில் "இருக்கிறது", "வளர்கிறது" எல்லாம் இல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கும். "கரையில ஒரு புல்" என்று குரல் தரைக்கு இறங்கி முடியும், அடுத்து மூச்சு எடுப்பது இயல்பாக இருக்கும். தொடங்குவது 0.0-வில் வேண்டாம், 0.4-இல் தொடங்கட்டும். ஆற்றங்கரையைக் கண் பார்த்துக்கொள்ள 10 ஃபிரேம் (விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில்). "ஒரு புல்" என்பது 2.4-இல் வரும், அரிவாள் அதே புல்லைப் பிடித்திருக்கும் நேரம். 3.0-வில் முடிகிறது. அதன்பின் கத்தி கீறும் ஷாட்டில் 3.8 வரை அந்தக் கிழிபடும் சத்தம் மட்டும். அங்கேதான் குரல்காரரின் மூச்சு.

இரண்டாவது கொத்து, 4 முதல் 8 வரை. "நாள்கணக்கா தண்ணியில கிடந்து, நிறம் குடிக்கும்." 16 எழுத்து. ஒரே ஒரு எச்சம், உடனே முற்று. இதை 4.0-க்கு முன்னாலேயே, 3.8-இல் தொடங்குங்கள். "நாள்" என்ற ஒலி கத்தி ஷாட்டின் கடைசி 5 ஃபிரேமில் விழுந்து, தண்ணீர் ஷாட்டுக்குள் பாயும். குரல் இப்படி ஷாட் மாறும் கட்-ஐத் தாண்டிப் போனால் அந்தக் கட் கண்ணுக்கு உறுத்தாது, கொத்து மாறியதும் குலுங்காது. "கிடந்து" 6.0-வில் முடிகிறது, வெயில் ஷாட்டையும் அதுவே மூடிவிட்டது, காய்வது என்று தனியாகச் சொல்லவில்லை. 6.0-வில் சாயப் பானை வருகிறது. 0.3 விநாடி கழித்து "நிறம் குடிக்கும்" (5 எழுத்து, 6.3 முதல் 7.3 வரை). பானையைக் கண் பார்த்து 7, 8 ஃபிரேம் ஆன பிறகு காதில் "நிறம்" விழுகிறது.

இந்த 7, 8 ஃபிரேம் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. சொல் சரியாகக் கட் விழும் ஃபிரேமிலேயே தொடங்கினால்தான் "பக்கா சிங்க்" என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தடவை செய்தால் அது பஞ்ச். நாலு தடவை தொடர்ந்து செய்தால் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஆகிவிடும். கட் விழுந்ததும் புதுப் படத்தைப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குச் சில ஃபிரேம் வேண்டும். அதே ஃபிரேமில் புதுச் சொல்லும் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும், கேட்பவருக்கு அவசரம் என்ற உணர்வு மட்டும் மிஞ்சும். படத்தை அடையாளம் காட்டும் சொல், கட்டுக்கு 5 முதல் 8 ஃபிரேம் பின்னால். கொத்து விட்டுக் கொத்து தாண்டும் சொல், கட்டுக்கு 5 ஃபிரேம் முன்னால். சரியாகக் கட்டின்மேல் விழுவது 15 விநாடியில் ஒன்றோ இரண்டோ போதும்.

மூன்றாவது கொத்து, 8 முதல் 11.2 வரை. ஷாட்டுகள் மிக வேகமாக ஓடும் இடம் இதுதான், 3.2 விநாடியில் நாலு ஷாட். வேகமான இடத்தில் அதிகம் பேச வேண்டும் என்று கை துடிக்கும். நேர்மாறாகச் செய்யுங்கள், குறைந்தபட்சம் பேச வேண்டியது இங்கேதான். "இழைக்கொரு அடி." 6 எழுத்து, 1.2 விநாடி. 8.4-இல் தொடங்கி 9.6-இல் முடியும். 9.8-இல் அச்சு "தட்", 10.5-இல் மறுபடி "தட்". குரல் சொன்னதை அச்சு செய்து காட்டுகிறது. இந்த இரண்டு தட்டும்தான் நான் சொன்ன "கட்டின்மேல் விழும்" அடிகள், அவற்றைக் குரலுக்குக் கொடுக்காமல் தறிக்கே கொடுத்துவிட்டோம். "இழைக்கு ஒரு அடி" என்று பிரித்து எழுதினால் 7 எழுத்து. சந்தி சேர்த்தால் ஒன்று மிச்சம், நாக்குக்கும் வழுக்கிக்கொண்டு போகும். குரல்காரர் எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடுங்கள், அவர் மனதில் சந்தி சேர்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

நான்காவது, 11.2 முதல் 15 வரை ஒரே ஷாட். பாய் விரிய விடுங்கள், 12.0 வரை ஒன்றும் பேச வேண்டாம். பிறகு "பத்தமடைப் பாய்." 5 எழுத்து. இதுவரை மொத்தம் 40. 52 வரை இடம் இருக்கிறது. பாய்க்காரர் "கையால் நெய்தது என்று வந்தே ஆக வேண்டும்" என்பார், அது நியாயமான ஆசை, இடமும் இருக்கிறது. "கையால நெய்த பத்தமடைப் பாய்." 10 எழுத்து. கடைசி வரி என்பதால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து விநாடிக்கு 4.5 என்று படித்தால் 2.2 விநாடி, 14.2-இல் முடிந்து 0.8 விநாடி இசைக்கு மிச்சம். மற்ற வரிகள் பேச்சுத் தமிழில் இருக்க, இங்கே மட்டும் "நெய்த" என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பேச்சில் வரும் "நெஞ்ச" என்பதைப் படம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பவர் நெஞ்சு என்று எடுத்துக்கொள்வார். நிதானமாகப் பேசினாலும் ஒரு சொல்லை இரண்டாம் தடவை யோசிக்க வைத்தால் அந்த வரி வேகமாகப் போன மாதிரிதான் கேட்பவருக்குத் தோன்றும்.

முழுதாக:

0.4 – தாமிரபரணிக் கரையில ஒரு புல்.
3.8 – நாள்கணக்கா தண்ணியில கிடந்து,
6.3 – நிறம் குடிக்கும்.
8.4 – இழைக்கொரு அடி.
9.8, 10.5 – அச்சுச் சத்தம்
12.0 – கையால நெய்த பத்தமடைப் பாய்.

மொத்தம் 45 எழுத்து. பேச்சு 9.2 விநாடி, 15-இல் சுமார் 61 சதவீதம். குரல்காரருக்கு 3.0, 7.3, 9.6 ஆகிய மூன்று இடத்திலும் அரை விநாடிக்குக் குறையாமல் மூச்சுக்கு இடம் இருக்கிறது, மூன்றும் வாக்கியம் முடிந்து குரல் இறங்கிய இடங்கள். ஸ்கிரிப்டில் அந்த மூன்று இடத்திலும் சாய்வுக்கோடு போட்டுக் கொடுங்கள்.

பேச்சுத் தமிழ் கூடாது, எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்றால் பெரிய நஷ்டம் இல்லை. "கரையில்", "நாள்கணக்கில்", "தண்ணீரில்", "கையால்" என்று மாற்றினால் எண்ணிக்கை கூடாது, சில இடத்தில் குறையவே செய்யும். இடத்தைத் தின்பது வினைமுற்றுதான். "இருக்கிறது" ஐந்து, "இருக்கு" மூன்று. "உருவாக்கப்படுகின்றன" ஒன்பது, "உருவாகுது" ஐந்து. எழுத்துத் தமிழில் எழுதும்போது முற்றையே தவிர்த்துப் பெயரில் முடிக்கப் பாருங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் "ஊறும்", "குடிக்கும்" மாதிரி -உம் முற்று குட்டையாக இருக்கும், செய்முறை சொல்லுவதற்கும் அதுவே பொருந்தும். செயப்பாட்டு வினையை மட்டும் எந்தத் தமிழிலும் கிட்டே சேர்க்காதீர்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இன்னொரு சிக்கல் உண்டு. செயல் திரையில் முதலில் வந்துவிடும், அதற்கான சொல் வாக்கியத்தின் வாலில் கிடக்கும். உங்கள் "அறுத்து" பின்தங்கியதே, அதுவும் இதனால்தான். அதனால் படத்தோடு ஒட்ட வைக்க நினைக்கும் சொல்லாக வினையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புல், நிறம், இழை என்று பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். பெயரை வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், வினையை அவ்வளவு சுலபமாக நகர்த்த முடியாது.

ஷாட்டுக்கு ஒரு சொல் என்பது எப்போதுமே தப்பா என்றால், இல்லை. ஷாட்டுகள் சம நீளமாக இருந்து, சொற்கள் மூன்று எழுத்துக்குள் அடங்கி, மூன்று அல்லது நாலோடு நிறுத்தினால் அழகாக உட்காரும். "புல். நீர். நிறம். நூல்." என்று ஷாட்டுக்கு ஒரு விநாடி. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு அரை விநாடிக்கு மேல் காலியாக இருப்பதால் அதில் அவசரம் இல்லை. ஐந்தாவது சொல் வந்தால் பட்டியல் ஆகிவிடும். உங்கள் ஷாட்டுகள் 0.7 முதல் 3.8 விநாடி வரை ஏறி இறங்குவதால் இங்கே அது ஒத்துவராது.

ரெக்கார்டிங்குக்கு முன்னால், நீங்களே செல்போனில் படித்து அந்த ஒலியை டைம்லைனில் வைத்துப் பாருங்கள். மனதுக்குள் படிப்பது எப்போதும் வாயால் படிப்பதைவிட வேகம், அதை நம்பக் கூடாது. வைத்த பிறகு இரண்டு சோதனை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். படம் இல்லாமல் கேட்கும்போது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். விட்டுவிட்டுச் சொல்கிறாரே என்று தோன்றினால் பரவாயில்லை, அந்த இடைவெளிகளைப் படம் நிரப்பும். இரண்டாவது, ஒவ்வொரு கொத்தின் கடைசிச் சொல்லையும் சொல்லி முடித்ததும் அதே மூச்சில் இன்னும் இரண்டு சொல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த வரி நீளம். கேட்பவர் காதில் மூச்சு தீரும் ஓசை கடைசி இரண்டு எழுத்தில் தெரிந்துவிடும், சொல்லின் வால் தேய்ந்து போகும். "பாய்" என்பதில் ய் கேட்காமல் போவது அதற்கு நல்ல அடையாளம், அதுவும் உங்கள் சரக்கின் பெயரே அதுதான்.

ஸ்டூடியோவில் குரல்காரருக்குப் படத்தைக் காட்டுங்கள், ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே படிக்க வைக்காதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடட்டும். வேகமான படத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேச மிகச் சிலரால்தான் முடியும். "எனர்ஜியா படிங்க" என்று சொல்லாதீர்கள், அதற்கு எல்லாருமே வேகத்தையும் சத்தத்தையும் கூட்டித்தான் பதில் சொல்வார்கள். "பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லுங்க" என்றால் போதும். வரி வரியாகத் தனித்தனி டேக் எடுத்துக்கொள்ளுங்கள், இடைவெளியை எடிட்டர் வைத்துக்கொள்வார். ஒரு வரி ஓரிரு ஃபிரேம் நீண்டுவிட்டால் மென்பொருளில் 3 சதவீதம் வரை சுருக்கினால் தெரியாது. 10 சதவீதம் போனால் ட, ற, ழ எல்லாம் நொறுங்கிக் கேட்கும். அவ்வளவு சுருக்க வேண்டியிருந்தால் ஓர் எழுத்தையோ சொல்லையோ எடுத்துவிட்டு மறுபடி படிக்க வைப்பதுதான் மலிவு.

பாய்க்காரர் உங்கள் பழைய வரியில் இருந்த எல்லாத் தகவலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பருத்திப் பாவு, மெல்லிய இழை போன்றவற்றை அந்தந்த ஷாட்டில் எழுத்தாகப் போடலாம் என்று தோன்றும். 0.8 விநாடி ஷாட்டில் இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் அதுவும் உதவாது. உங்களிடம் இன்னொரு 15 விநாடி இருக்கிறது. அங்கே ஷாட்டுகள் நீளமாக இருந்தால் பருத்தி நூலையும் இழையின் மென்மையையும் அங்கே வைத்து, விநாடிக்கு 5 எழுத்து, 70 சதவீதம் என்ற அதே கணக்கில் எழுதுங்கள்.